முகம் ஏன் அகலமாகிறது? வால்பேப்பரின் Fill, Fit, Stretch ஓர் அலசல்

போனில் எடுத்த குடும்பப் படத்தை விண்டோஸ் கணினியில் வால்பேப்பராகப் போட்டதும் எல்லார் முகமும் பூசணிக்காய் போல உப்பித் தெரிகிறதா? படத்தின் தரத்தைக் குறை சொல்லாதீர்கள். படத்தின் வடிவமும் திரையின் வடிவமும் வேறு வேறு, அவ்வளவுதான். அந்த வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் Settings > Personalization > Background பக்கத்தில் இருக்கும் Fill, Fit, Stretch போன்ற தேர்வுகள் முடிவு செய்கின்றன.

ஒரே படத்தை வைத்துப் பார்ப்போம். படம் 4000 × 3000 பிக்சல், அதாவது 4:3. திரை 1920 × 1080, அதாவது 16:9. அகலத்தைத் திரைக்குள் அடக்க படத்தை 0.48 மடங்காகச் சுருக்க வேண்டும். உயரத்தை அடக்க 0.36 மடங்காக. இரண்டும் ஒன்றாக இல்லை என்பதுதான் சிக்கல்.

Fill பெரிய எண்ணை, அதாவது 0.48-ஐ எடுத்துக்கொள்ளும். படம் 1920 × 1440 ஆகும். அகலம் கச்சிதம், உயரத்தில் 360 பிக்சல் மிச்சம். அதை மேலும் கீழுமாக வெட்டிவிடும். படத்தில் கால் பங்கு போய்விட்டது! இயற்கைக் காட்சி என்றால் கொஞ்சம் வானமும் கொஞ்சம் தரையும் போகும், யாருக்கும் தெரியாது. பின்வரிசையில் ஆட்கள் நிற்கும் குடும்பப் படம் என்றால் போவது அவர்களுடைய தலை.

Fit சிறிய எண்ணை, 0.36-ஐ எடுக்கும். படம் 1440 × 1080. எதுவும் வெட்டுப்படாது, யாரும் உப்பவும் மாட்டார்கள். ஆனால் இரண்டு பக்கமும் 240 பிக்சல் அகலத்துக்குப் பட்டை விழும். பட்டையின் நிறம் பிடிக்கவில்லையா? அதே பக்கத்தில் Solid color-க்குப் போய் ஒரு நிறத்தைத் தேர்ந்துவிட்டு, மறுபடி Picture-க்கு வாருங்கள். கருநிறப் பட்டை அவ்வளவாக உறுத்தாது என்பது என் எண்ணம்.

Stretch இரண்டு எண்ணையும் எடுத்துக்கொள்ளும். அகலத்துக்கு 0.48, உயரத்துக்கு 0.36. வெட்டும் இல்லை, பட்டையும் இல்லை. பதிலுக்கு எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். முதலில் சொன்ன உப்பிய முகம் இதனால்தான். படத்தில் வட்டமான ஒன்றைத் தேடிப் பாருங்கள், ஒரு கடிகாரமோ வண்டிச் சக்கரமோ. அது முட்டை வடிவில் இருந்தால் Stretch போட்டிருக்கிறது என்று உறுதி. ஆளோ பொருளோ இல்லாத, வெறும் நிறக் கலவையான படத்துக்கு இதைப் போடலாம். மற்றதற்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால், மூன்றில் எதையும் நம்பாமல் படத்தை முதலிலேயே 16:9 ஆக வெட்டிக்கொள்வதுதான் நல்லது. 4000 × 3000 படத்தில் அகலத்தைத் தொடாமல் உயரத்தை 2250 ஆக்கினால் போதும். இதிலும் 750 பிக்சல் உயரம் போகத்தான் செய்யும். ஆனால் எங்கே வெட்டுவது என்பது உங்கள் கையில்: தலைகளை விட்டுவிட்டு, முழுவதையும் கீழே தரையிலிருந்தே எடுத்துவிடலாம். Fill-இல் அந்தத் தேர்வு உங்களுக்கு இல்லை. அப்புறம் இன்னொன்று: விகிதம் பொருந்திவிட்டால் Fill, Fit, Stretch மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

Center-உம் Tile-உம் வேறு சாதி. இரண்டும் படத்தின் அளவை மாற்றுவதே இல்லை. Center-இல் நம் பெரிய படத்தின் நடுவே 1920 × 1080 துண்டு மட்டும் தெரியும். யாரோ ஒருவரின் சட்டைப் பொத்தான் திரையை அடைத்துக்கொள்ளலாம். 640 × 480 போன்ற சின்னப் படத்தை Tile-இல் போட்டால் குறுக்கே மூன்று முறை வரும். கீழே இரண்டு வரிசை முழுதாக, மூன்றாவது வரிசை கால்வாசி மட்டும். படம் திடீரென்று கட்டம் கட்டமாகத் தெரிந்தால், சின்னப் படமும் Tile-உம் சேர்ந்துவிட்டன என்று பொருள். திரும்பத் திரும்ப வருவதற்கென்றே வரைந்த கோலம் போன்ற வடிவங்களுக்குத்தான் அது சரி.

Span-க்கு இரண்டு மானிட்டர் வேண்டும். ஒன்றே இருந்தால் Fill போலத்தான் நடந்துகொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 1920 × 1080 இருந்தால், அது 3840 × 1080 அளவுள்ள ஒரே திரை என்று எண்ணிப் படத்தைப் பரப்பும். நம் 4:3 படம் 3840 × 2880 ஆகி, அதில் 1080 உயரம்தான் மிஞ்சும். பாதிக்கு மேல் காலி. நடுவில் நிற்பவர் இரண்டு மானிட்டருக்கும் இடையிலுள்ள சட்டத்தில் இரண்டாகப் பிரிவார். நீளவாக்கில் எடுத்த பனோரமா இல்லையென்றால், Fill-ஐயே வைத்து, பழைய படங்களின் வரிசையில் வலது கிளிக் செய்து ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிப் படம் போடுவது மேல். படம்தான் தனித்தனி, Fill, Fit தேர்வு எல்லா மானிட்டருக்கும் பொதுவானது. ஆகவே ஒரு மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருப்பவர்கள், அதற்கான படத்தை 9:16 ஆக வெட்டிக்கொண்டால்தான் இரண்டிலும் ஒழுங்காக வரும்.