கேபின் சூட்கேஸ்: வெளி ஓட்டைப் பார்ப்பதற்கு முன் கைப்பிடியைப் பாருங்கள்

கடையில் கேபின் சூட்கேஸ் கேட்டால் முதலில் அதன் வெளி ஓட்டைத்தான் காட்டுவார்கள். நிறம், பளபளப்பு, அப்புறம் அதன் மேல் ஏறி நின்று “உடையவே உடையாது சார்”. செக்-இன் பெட்டிக்கு இந்த வித்தை பொருந்தும், அது கன்வேயரிலும் வண்டியிலும் விழுந்து புரளும். கேபின் பெட்டியோ பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. அடிக்கடி பறக்கிறவர்களிடம் அதில் முதலில் கெடுவது இழுகைப்பிடி, அடுத்து சக்கரம். அதனால் நான் எந்தப் பெட்டியையும் கைப்பிடி, சக்கரம், ஓடு என்ற வரிசையில்தான் ஒப்பிடுவேன்.

அதற்கும் முன்னால் தராசு. உள்நாட்டு எகானமியில் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் கேபின் பெட்டிக்குத் தருவது 7 கிலோ. பெட்டியின் சொந்த எடையும் அதற்குள்தான். சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு இரண்டு இரவு வேலையாகப் போகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று சட்டை முக்கால் கிலோ, ஒரு ஜீன்ஸ் 600 கிராம், ஷூ 850, உள்ளாடைகள் 300, சோப்பு சீப்பு வகையறா அரை கிலோ, சார்ஜரோடு லேப்டாப் 1.8 கிலோ. மொத்தம் 4.8. பெட்டி 2.2 கிலோ நைலான் என்றால் சரியாக 7-ல் நிற்கும். 3 கிலோ பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் லேப்டாப்பைத் தோள்பைக்கு மாற்ற வேண்டும். 4 கிலோவைத் தாண்டும் அலுமினியத்தில் லேப்டாப்பை எடுத்த பிறகும் இடிக்கும். அலுமினியம் உறுதியானது, அழகானது, ஆனால் 7 கிலோ விதிக்குள் பறக்கிறவர்களுக்கு அது பொருந்தாது. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. இண்டிகோ சொல்வது 55×35×25 செ.மீ., ஏர் இந்தியா சொல்வது 55×40×20. இரண்டிலும் மாறி மாறிப் போகிறவர் அகலம் 35-க்குள்ளும் தடிமன் 20-க்குள்ளும் இருக்கும் பெட்டியாகப் பார்க்க வேண்டும். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அட்டையில் சில சமயம் வெறும் ஓட்டின் அளவு மட்டும் போட்டிருப்பார்கள்.

கைப்பிடியை வெறும் பெட்டியில் ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்தால் நான்கு கிலோ. இப்போது கைப்பிடியை முழு உயரத்துக்கு இழுத்து, பிடியை இடமும் வலமும் திருகுங்கள். கொஞ்சம் ஆடுவது இயல்பு, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாய்களுக்கு அந்த இடைவெளி வேண்டும். ஒரு குழாய் மட்டும் முன்னால் வந்து பிடி கோணலானால்தான் கவலை. அப்படிப்பட்ட கைப்பிடி சில மாதங்களில் பாதியில் சிக்கிக்கொண்டு, பொத்தானை அழுத்தினாலும் இறங்காது. எத்தனை அடுக்காக நீள்கிறது என்பதையும் பாருங்கள். மூன்று நான்கு அடுக்காக நீளும் கைப்பிடியில் மேல் குழாய் மெல்லியதாகிவிடும். இரண்டு அடுக்கு போதும். ஒற்றைக் குழாய் கைப்பிடி எடை குறைவு, ஆனால் சுமையோடு திருப்பும்போது முறுக்கு முழுவதும் ஒரே இடத்தில் விழும். அடிக்கடி போகிறவர்களுக்கு இரட்டைக் குழாய்தான்.

பிறகு உள் துணியின் ஜிப்பைத் திறந்து குழாய் பொருந்தியிருக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்க்ரூ தெரிந்தால் நல்லது, கைப்பிடியைக் கழற்றி மாற்றலாம். ரிவெட் என்றால் பழுது பார்ப்பது கஷ்டம். உள் துணியில் ஜிப்பே இல்லையென்றால் எந்தப் பழுதுக்கும் துணியைக் கிழிக்க வேண்டும். பெட்டியின் மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் இருக்கும் தூக்கு பிடிகளுக்கும் இதே சோதனைதான். தலைக்கு மேலுள்ள அடுக்கில் ஏற்றும்போதும், படியில் தூக்கும்போதும் அவற்றைத்தான் பிடிக்க வேண்டும். நீட்டிய இழுகைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் எவ்வளவு நல்ல குழாயும் வளையும்.

சக்கரத்தில் போட்டி நிஜமானது. நான்கு சக்கரப் பெட்டியில் ஒவ்வொரு சக்கரமும் தன்னிச்சையாகச் சுழலும். வழவழப்பான விமான நிலையத் தளத்தில் விரலால் தள்ளினாலே போகும், எடை கையில் ஏறாது. விமானத்தின் நடைபாதையில் பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்திப் போகலாம். மணிக்கட்டு வலி, தோள் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். விலையாக அது கேட்பது இடம். சக்கரங்கள் அடியில் நான்கைந்து செ.மீ. வெளியே நிற்கும், 55 செ.மீ. கணக்கில் அதுவும் சேரும். ஓட்டின் உயரம் 50-க்கு இறங்கிவிடும்.

இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் ஓட்டின் மூலைக்குள் பாதி புதைந்திருக்கும். பெரும்பாலும் பெரிய சக்கரம், அச்சும் அசையாதது. உடைந்த நடைபாதை, மெட்ரோ நிலைய வாசலில் பதித்த புள்ளிக் கல், பஸ் நிறுத்தத்து மண் எல்லாவற்றையும் ஏறிக் கடக்கும். நான்கு சக்கரக்காரர்கள் அந்த இடங்களில் பெட்டியைச் சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுப்பார்கள். அங்கேதான் உடைகிறது: சுழலும் தாங்கிக்கு அந்தச் சாய்ந்த சுமை பழக்கமில்லை, முதலில் ஆடத் தொடங்கும், பின் ஸ்க்ரூ ஓட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். சாய்வான தளத்தில் கைவிட்டால் தானே உருண்டு போவதும் நான்கு சக்கரத்தின் குணம். இரண்டு சக்கரத்திலும் குறை உண்டு. கொஞ்சம் எடை கையில் எப்போதும் இருக்கும், உயரமானவர்களுக்கு நடக்கும்போது குதிகால் பெட்டியில் இடிக்கும். வாங்கும் முன் கடைக்குள்ளேயே வேகமாக நடந்து பாருங்கள், இடித்தால் அந்தக் கைப்பிடி உங்களுக்குக் குட்டை.

எந்த வகையானாலும் சக்கரத்தின் மேல் பூச்சு என்ன என்று பாருங்கள். மென்மையான பாலியூரித்தேன் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் ஈரக் காற்றில் நாளடைவில் பொடிந்து உதிரும். சென்னை போன்ற ஊரில் பரணில் சில வருடம் கிடந்த பெட்டிக்கு இது நடக்கும். வாராவாரம் உருள்கிற பெட்டியில் சக்கரம் தேய்ந்தே முதலில் போய்விடும்.

ஓட்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் மலிவு, விறைப்பு, ஆனால் அழுத்தினால் வெளுத்துக் கோடு விழும், பிறகு விரியும். பாலிகார்பனேட் உள்ளே குழிந்து திரும்பி வரும். பாலிப்ரொப்பிலீனும் அப்படி வளைந்து கொடுக்கும், எடையும் குறைவு, கீறல் மட்டும் சீக்கிரம் தெரியும். நைலான் துணிப்பெட்டி குழிந்தால் பிரச்சினையே இல்லை, முன்புறப் பையில் லேப்டாப் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பெட்டியை விரிக்காமலே எடுக்கலாம். கடின ஓட்டுப் பெட்டி நடுவில் பிளந்து திறக்கும், சிறிய ஓட்டல் அறையில் கட்டிலையே அடைத்துவிடும். ஓட்டின் உறுதி கணக்கில் வரும் ஓர் இடம் உண்டு. சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போகும் சிறிய ஏடிஆர் விமானங்களில் மேலடுக்கு சின்னது, பெட்டியை ஏணியருகே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். அந்தத் தடத்தில் வாடிக்கையாகப் போகிறவருக்குப் பாலிப்ரொப்பிலீன் ஓடு, இரண்டு சக்கரம் என்று கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். வீட்டு வாசலிலிருந்து டாக்ஸி, அங்கிருந்து விமான நிலையம், மறுமுனையில் மீண்டும் டாக்ஸி என்று போகிறவர் தாராளமாக நான்கு சக்கரப் பாலிகார்பனேட் வாங்கலாம். பஸ், மின்சார ரயில், படிக்கட்டு எல்லாம் உண்டு என்றால் இரண்டு சக்கர நைலான், மிச்சமாகும் பணத்தில் நல்ல இரட்டைக் குழாய்க் கைப்பிடி உள்ள மாடல்.