பள்ளி விட்டதும் யார் போவது? இரண்டு வருட கார் முறை அனுபவம்

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்திலிருந்து நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போகிறார்கள். காலையில் அவரவர் கொண்டுபோய் விட்டுவிடுவோம். மாலையில் கூட்டி வருவதை மட்டும் 2023 ஜூனிலிருந்து முறை வைத்துச் செய்கிறோம். திங்கள் முதல் வியாழன் வரை வீட்டுக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை வாரத்துக்கு ஒருவர். ஐந்தாவதாக ஒரு குடும்பம் கேட்டபோது மனசில்லாமல்தான் மறுத்தோம். ஐந்து பேர் காரில் ஓட்டுபவர் போக நான்கு பெல்ட்தானே இருக்கிறது.

முதல் வருடம் எங்களைப் படுத்தியது நாள் மாற்றிக்கொள்வதுதான். ஒரு புதன்கிழமை என் முறை. மீட்டிங் இழுக்கும் என்று தெரிந்ததும் எதிர்வீட்டு அக்காவுக்குத் தனியாக மெசேஜ் போட்டேன்: "இன்னைக்கு நீங்க போக முடியுமாக்கா?" "பாக்கறேம்மா" என்று பதில் வந்தது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவரோ, உறுதியாகத் தேவைப்பட்டால் நான் மறுபடி கேட்பேன் என்று இருந்துவிட்டார். 3.20க்குப் பள்ளி விட்டது. நான்கு மணிக்குப் பள்ளி வாட்ச்மேன் போன் செய்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அன்று இரவு வரை என்னிடம் பேசவில்லை.

அன்றிலிருந்து மாற்றம் குரூப்பில் மட்டும்தான். கேட்பவர் எழுதினால் போதாது. ஏற்பவர் "புதன் நான் போறேன்" என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். அந்த வரி வரும்வரை பொறுப்பு பழைய ஆளுடையதுதான். வாங்கிய நாளை இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் யார் யாருக்குத் தர வேண்டும் என்பதே மறந்துபோகிறது, மனத்தாங்கலும் வருகிறது.

மாற்று ஆள் விஷயத்திலும் பட்டுத்தான் கற்றோம். "அவசரம்னா யாராவது போகலாம்" என்று விட்டிருந்தோம். அவசரம் வந்த அன்று யாரும் இல்லை. இப்போது திங்களுக்கு புதன்காரர், செவ்வாய்க்கு வியாழன்காரர் என்று ஜோடி வைத்திருக்கிறோம், மறுதலையாகவும் அப்படியே. வெள்ளிக்குப் போன வாரம் ஓட்டியவர். முறைக்காரர் 2.45க்கு "கிளம்பிட்டேன்" என்று போட வேண்டும். 2.50 வரை வராவிட்டால் மாற்று ஆள் போன் செய்வார், எடுக்காவிட்டால் உடனே கிளம்பிவிடுவார். இருபது நிமிடப் பாதை என்பதால் பள்ளி விடுவதற்குள் போய்ச் சேர முடிகிறது.

ஒருமுறை அப்படிப் போனவரிடம் பிள்ளையை அனுப்ப மறுத்துவிட்டார்கள். கூட்டிப் போகும் அட்டையில் அவர் படம் இல்லை. பள்ளி செய்தது சரிதான். இப்போது ஒவ்வொரு ஜூனிலும் நான்கு பிள்ளைகளின் அட்டையிலும் எட்டுப் பெற்றோரின் படத்தையும் கொடுத்துவிடுகிறோம்.

இன்னும் சரியாகாதது மழை நாள்தான். திடீரென்று மதியமே பள்ளியை விட்டுவிட்டால் இந்த நேரக் கணக்கு எதுவும் உதவாது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அந்த வாரம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் யார் என்று ஞாயிறு இரவே எழுதி வைக்கிறோம். அன்றைக்கு முறை யாருடையதாக இருந்தாலும் அவர்தான் முதலில் வண்டி எடுப்பார்.