மூணு பாயின்ட் தீசிஸா, உறுத்துற சீன்ல இருந்து தீசிஸா? ஒரே கேள்விக்கு ரெண்டையும் எழுதிப் பார்த்தேன்

எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது செமஸ்டர்ல எங்களுக்கு வந்த அசைன்மென்ட் கேள்விய தமிழ்ல சொன்னா இவ்ளோதான்: "திங்ஸ் ஃபால் அபார்ட் நாவலில் மரபின் பங்கை விவாதி." எட்டு பக்கம் எழுதணும். சினுவா அச்செபே 1958ல எழுதின நாவல், உமுவோஃபியாங்கற இக்போ ஊர்ல நடக்குற கதை. இதுல மரபுன்னா எத எடுத்துக்கறது? விருந்தாளி வந்தா கோலா கொட்டை உடைக்கிறதும் மரபு, ரெட்டைக் குழந்தைய காட்டுல விடுறதும் மரபு, பழமொழி பேசுறதும் மரபு. "விவாதி"ன்னா எதுக்கு எதிரா விவாதிக்கணும்னும் சொல்லல. கேள்விய அப்படியே விட்டா எட்டு பக்கம் இல்ல, எண்பது பக்கம் எழுதலாம், ஒண்ணும் சொல்லாமலே.

கட்டுரை முழுக்க நாம நிரூபிக்கப் போற ஒரே வாக்கியம்தான் தீசிஸ். முதல்ல நான் எடுத்தது எல்லாரும் எடுக்குற ரூட், மூணு பாயின்ட் தீசிஸ். "இந்த நாவலில் மரபு குடும்பத்தையும் மதத்தையும் நீதியையும் வழிநடத்துகிறது." பாயின்டுக்கு ரெண்டரை பக்கம், முன்னுரை முடிவுரை சேர்த்தா கணக்கு முடிஞ்சுது. பரிட்சை ஹால்ல அரை மணி நேரம்தான் இருக்குன்னா இன்னைக்கும் நான் இதத்தான் எழுதுவேன், அதுல வெக்கமே இல்ல. ஆனா அசைன்மென்ட்ல மேடம் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்துல பென்சில்ல "சரி, அதுக்கு?"ன்னு எழுதி திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க கேட்டது நியாயம், ஏன்னா அந்த வாக்கியத்த யாருமே மறுக்க மாட்டாங்க. "இல்ல, மரபு எதையும் வழிநடத்தல"ன்னு எந்த கிளாஸ்மேட்டும் சண்டைக்கு வரமாட்டான், அப்புறம் நான் யாருக்கு எத நிரூபிக்கிறேன்?

நடுவுல இன்னொரு வழியும் இருக்கு, பின்காலனியம், பெண்ணியம்னு ஒரு தியரி கண்ணாடிய மாட்டிக்கிட்டு அது வழியா படிக்கிறது. நான் ஒரே ஒரு தடவதான் அப்படி எழுதியிருக்கேன், அதுலயும் தியரிய விளக்கியே மூணு பக்கம் போச்சு, நாவல் வெளிய நின்னுச்சு. நல்லா பண்றவங்க இருப்பாங்க, அதனால அத இங்க ரேஸ்ல சேக்கல.

ரெண்டாவது தடவ நான் பண்ணது வேற. கேள்விய மூடி வெச்சுட்டு, படிக்கும்போது எந்த இடம் உறுத்துச்சுன்னு யோசிச்சேன். எனக்கு அது ஏழாவது அத்தியாயம். இகெமெஃபுனாங்கற பையன் மூணு வருஷமா கதாநாயகன் ஒகொன்க்வோ வீட்ல வளர்றான், அவன அப்பான்னே கூப்பிடுறான். பையனக் கொல்லணும்னு குறிசொல்லும் தெய்வத்தோட உத்தரவு வருது. அத சொல்ல வர்ற ஊர்ப் பெரியவர் எசெயுடுவே, "அவன் உன்ன அப்பான்னு கூப்பிடுறான், இதுல நீ கை வெக்காத"ன்னு சொல்லிட்டுத்தான் போறாரு. ஆனாலும் ஒகொன்க்வோ கூடப் போறான். காட்டுப் பாதையில இன்னொருத்தன் முதல் வெட்டு வெட்டுறான், பையன் அப்பான்னு கத்திக்கிட்டு இவன் பக்கம் ஓடி வர்றான், இவனே வெட்டிப்புடுறான். காரணத்த அச்செபே மறைக்கவே இல்ல, பலவீனமானவன்னு நினைச்சுருவாங்களோங்கற பயம்னு அங்கயே எழுதிட்டாரு.

இங்கதான் எனக்கு உறுத்துச்சு. கொலைக்கு உத்தரவு போட்டது மரபுன்னா, நீ ஒதுங்கிக்கோன்னு சொன்னதும் அதே மரபோட வாய்தானே? அப்ப இவன் மரபுக்குக் கட்டுப்பட்டானா, மீறினானா? "மரபின் பங்கு"ங்கற மொட்டக் கேள்வி இந்த இடத்துலதான் எனக்கு ஒரு சின்ன, கூரான கேள்வியா மாறுச்சு.

முதல் டிராஃப்ட்: "ஒகொன்க்வோ மரபை மீறுகிறான்." இத மறுக்க ஆள் இருக்கு, அதுவரைக்கும் நல்லது, ஆனா ஏன் மீறுறான், அதனால என்னங்கறது இல்ல. ரெண்டாவது டிராஃப்ட்ல "போல தோன்றினாலும்", "ஏனெனில்"னு ரெண்டு கொக்கி போட்டேன்: "ஒகொன்க்வோ மரபின் காவலன் போலத் தோன்றினாலும், வீரமாகத் தெரியும் பகுதியை மட்டுமே அதிலிருந்து எடுத்துக்கொள்கிறான், ஏனெனில் அவனை நடத்துவது மரபு அல்ல, அப்பா உனோகாவைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயம்." உனோகா யாருன்னா புல்லாங்குழல் வாசிச்சுக்கிட்டு ஊர் பூரா கடன் வெச்சுட்டுச் செத்த மனுஷன்.

இப்ப ரெண்டு வழியயும் எத வெச்சு அளக்கறது? மார்க், வேகம் எல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். அஞ்சாவது பக்கத்துல நாவலே நம்மளுக்கு எதிரா சாட்சி சொல்லும் பாருங்க, அப்ப தீசிஸ் என்ன ஆகுதுங்கறதுதான் விஷயம்.

மூணு பாயின்ட் தீசிஸ்ல நடந்தத சொல்றேன். நாலாவது அத்தியாயத்துல அமைதி வாரம் வருது, அந்த வாரம் யார் மேலயும் கை வெக்கக்கூடாது, கெட்ட வார்த்தை கூட கூடாது. ஒகொன்க்வோ அப்பதான் கடைசி பொண்டாட்டிய அடிக்கிறான், பூமித் தெய்வத்தோட பூசாரி வந்து ஒரு பெட்டை ஆடு, ஒரு கோழி, துணி, நூறு சோழின்னு அபராதம் போடுறாரு. "மரபு குடும்பத்தை வழிநடத்துகிறது"ன்னு எழுதிட்டு இத எங்க வெக்கிறது? குடும்பம்கற பத்தியில வெச்சா பாயின்ட் உடையுது, அதனால நைஸா நீதிங்கற பத்திக்குத் தள்ளி விட்டேன். உண்மையிலேயே தள்ளித்தான் விட்டேன், எழுதும்போதே தெரியும். பொருந்தாத சாட்சிய வேற பத்திக்கு கடத்துறோம்னா தீசிஸ் செத்துப்போச்சுன்னு அர்த்தம். சீன் தீசிஸ்ல இதே சம்பவம் ரெண்டாவது பத்திக்கு முதல் சாட்சியா வந்து உக்காந்துச்சு: மரபு பொறுமைய கேக்குற இடத்துல இவனால முடியல.

இன்னும் பலமான எதிர்ப்பு எட்டாவது அத்தியாயத்துல இருக்கு. பூமித் தெய்வத்தோட தூதர் சொன்னதத்தான் செஞ்சேன், அதுக்கு அவ எப்படி என்ன தண்டிப்பான்னு ஒகொன்க்வோவே கேக்குறான். என் தீசிஸுக்கு நேரா ஆப்பு. ஆனா அடுத்தாப்லயே நண்பன் ஒபியரிகா பதில் சொல்றான், என் புள்ளய கொல்லணும்னு தெய்வம் சொன்னா நான் மறுக்கவும் மாட்டேன், கொல்லப்போற ஆளாவும் இருக்க மாட்டேன்னு. நான் கிளாஸ்மேட்டோட போட வேண்டிய சண்டைய ரெண்டு கேரக்டரே உக்காந்து போட்டு முடிச்சிருக்காங்க. எனக்கு ரெண்டு பக்கம் முழுசா கெடச்சது.

இந்த வழியில ஒரு பிரச்சனை இருக்கு, அதயும் சொல்லிடுறேன். ஒரு சீன் மேல மயங்கிட்டா நாவல் முழுக்க அதேதான் தெரியும். என் முதல் பிரதியில உமுவோஃபியா விழுந்ததுக்கே இவனோட பயம்தான் காரணம்ங்கற மாதிரி எழுதிட்டேன். அது தப்பு. மூணாவது பாகத்துல பேச்சுவார்த்தைன்னு கூப்பிட்டு ஆறு தலைவர்கள விலங்கு போட்டு அடைக்கிறாங்க, தலைய மொட்டை அடிக்கிறாங்க, ஊர் அபராதம் கட்டுனாத்தான் விடுறாங்க. இது எந்த அப்பன் மேல இருக்குற பயத்தாலயும் நடக்கல, வெள்ளைக்கார ஆட்சியால நடந்தது. அதனால தீசிஸ்ல "ஊரின் வீழ்ச்சிக்கு அல்ல, அவன் தனித்து விடப்பட்டதற்கு" அப்படிங்கறத சேத்து சுருக்கினேன். சுருக்கினதும்தான் கடைசிக்கு முந்தின அத்தியாயத்துக் காட்சி சரியா வந்துச்சு: வெள்ளைக்கார ஆட்சியோட ஏவல்காரன ஒகொன்க்வோ வெட்டுறான், கூட்டம் மத்த ஏவல்காரங்கள ஓட விட்டுடுது, ஏன் இப்படி பண்ணான்னு ஒரு குரல் கேக்குது. தன் பின்னாடி ஊரே நிக்கும்னு நினைச்சு வெட்டினான், ஆனா அவன் மனசுல இருந்த ஊர் அங்க இல்ல.

நாவல் ரெண்டு தடவ படிக்க நேரம் இல்லைன்னா இந்த வழி வேண்டாம், உறுத்துறதே ரெண்டாவது வாசிப்புலதான் நடக்கும். சிறுகதைக்கும் இது நல்லா ஓடுச்சு, கவிதைக்கு இன்னும் எழுதிப் பார்க்கல. எனக்கு இந்த பேப்பர்ல பென்சில் குறிப்பு ஒண்ணுதான் வந்துச்சு, அந்த ஒபியரிகா பக்கத்துல, "ஒபியரிகா மட்டும் மரபை தேர்ந்தெடுத்து எடுத்துக்கலையா?"ன்னு. அதுக்கு எங்கிட்ட அரைகுறை பதில்தான் இருக்கு, மூணாவது பிரதியில அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.