ஆச்சியின் ஏச்சு ஆங்கிலத்தில்: எந்த வழி அவள் குரலைக் காப்பாற்றுகிறது?

சிறுகதையை மொழிபெயர்க்கும்போது வருணனை பெரும்பாலும் வழிவிட்டுவிடும். பாட்டி வாயைத் திறந்ததும் பேனா நின்றுவிடும். அவள் திட்டுகிறாள், ஆனால் அந்தத் திட்டுக்குள் கோபத்தைவிடப் பாசமே அதிகம். தமிழில் படிப்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அதே பெண் கொடுமைக்காரியாகத் தெரியலாம், அல்லது சர்க்கரைப் பாகாக வழியலாம். இரண்டும் அவள் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு பகுதியை எழுதிக்கொள்கிறேன். இடம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். பேசுபவள் அம்மாவைப் பெற்ற ஆச்சி. பேரனுக்குப் பத்து வயது. மழையில் நனைந்து, இருட்டிய பிறகு வீடு வந்திருக்கிறான்.

"ஏல மூதி! வெளக்கு வச்சு எம்புட்டு நேரமாச்சு, எங்கல போய்த் தொலஞ்ச? நனஞ்ச கோழிக்குஞ்சு மாரி வந்து நிக்கான் பாரு. தலயத் தொவட்டுல, சவத்துப்பய. சோறு ஆறிப்போய்க் கெடக்கு. நீ திங்காட்டா எனக்கென்ன, நாய்க்குப் போட்டுருவேன். இந்தா, கருவாட்டுத் துண்டு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். ஒங்க மாமன் கண்ணுல படாமத் தின்னு."

வழிகளைப் பார்ப்பதற்கு முன், இதில் பாசம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஏசும் சொற்களில் அது இல்லை. 'மூதி' என்பது மூதேவி. 'சவம்' என்றால் பிணம். பாசம் இருப்பது வேறு இடங்களில். தலை ஈரத்தைக் கவனிக்கிறாள். நாய்க்குப் போடுவேன் என்று சொன்ன வாயாலேயே கருவாட்டை எடுத்து வைத்ததையும் சொல்கிறாள். அதையும் தன் மகனுக்குத் தெரியாமல் தின்னச் சொல்கிறாள். மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983இல் எழுதிய ஒரு கருத்து இங்கே உதவும்: வெளிப்படையாகவே உண்மையல்லாத, வெளிப்படையாகவே மரியாதையற்ற ஒன்றை ஒருவரிடம் சொல்வது நெருக்கத்தைக் காட்டும் ஒரு வழி. உண்மையல்ல என்பது கேட்பவனுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மொழிபெயர்ப்பில் உடைவது பெரும்பாலும் இந்த நிபந்தனைதான்.

இனி வழிகள். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு காதில் விழும்.

முதல் வழி, சொல்லுக்குச் சொல். 'ட்ரை யுவர் ஹெட், யூ கார்ப்ஸ்.' அகராதிப்படி பிழை இல்லை. ஆனால் நெல்லைப் பக்கம் 'சவம்' நாள் முழுக்க வாயில் புழங்கித் தேய்ந்த சொல். கேட்பவன் பிணத்தை நினைப்பதே இல்லை. ஆங்கிலத்தில் 'கார்ப்ஸ்' அப்படித் தேயவில்லை. படிப்பவர் திடுக்கிட்டு நிற்பார். ஒரு பாட்டி பத்து வயதுப் பையனைப் பிணம் என்கிறாளே என்று யோசிக்கும் அந்த நொடியில் கதை கையை விட்டுப் போகும். அடிக்குறிப்பு போட்டு 'இங்கே இது செல்லமான ஏச்சு' என்று விளக்கலாம். அப்போது பாசத்தை ஆச்சியிடமிருந்து பிடுங்கி மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்ததாகிவிடும். சொல்லைக் காப்பாற்றி ஆளைத் தொலைக்கும் வழி இது.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். ஏச்சை எடுத்துவிட்டு அன்பை மேலே கொண்டுவருவது. 'வேர் ஹேவ் யூ பீன், மை டியர்? யூ ஆர் சோக்ட்! ஐ சேவ்ட் யூ சம் ஃபிஷ்.' இந்தப் பாட்டியை எந்த ஊரிலும் உட்கார வைக்கலாம். அவள் மறைத்து வைத்த எல்லாவற்றையும் இந்த வழி முதல் வரியிலேயே கொட்டிவிடுகிறது. கடைசியில் வரும் கருவாட்டுக்கு வேலையே இல்லாமல் போகிறது. இதற்கு ஒரு தம்பியும் உண்டு: ஏச்சை அப்படியே வைத்துவிட்டு, உரையாடலுக்குப் பின்னால் 'அன்போடு கடிந்துகொண்டாள்' என்று மூலத்தில் இல்லாத ஒரு வாலை ஒட்டுவது. திருத்துபவர்கள் நல்ல எண்ணத்தோடு கேட்கும் மாற்றம் இதுதான். நான் இதற்கு ஒருபோதும் இணங்கமாட்டேன். ஆச்சி பேசுவதே போதுமானதாக இல்லையென்றால் பேச்சைத்தான் திருத்த வேண்டும்.

மூன்றாவது வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. வட்டார வழக்கை ஆங்கிலத்திலுள்ள இன்னொரு வட்டார வழக்கால் ஈடுசெய்வது. பழைய கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் 'லிசிஸ்ட்ராட்டா'வில் ஸ்பார்ட்டா ஊர்க்காரி லாம்பிட்டோ தன் ஊர் வழக்கில் பேசுவாள். பிரிட்டனில் பல மொழிபெயர்ப்பாளர்கள் அவளை ஸ்காட்லாந்துக்காரி போலப் பேச வைத்தார்கள். அமெரிக்காவில் தெற்கத்திய மலைநாட்டுப் பேச்சைக் கொடுத்தவர்கள் உண்டு. மேடையில் இது வேலை செய்யும். ஏதென்ஸ்காரர்களுக்கு அவள் பேச்சு வேறாக ஒலிக்க வேண்டும் என்பதுதான் அங்கே தேவை. அந்த வேறுபாடு ஒரு நொடியில் காதில் விழுந்துவிடும்.

அதே உபாயத்தை ஆச்சியிடம் போட்டால், தொப்பலாக நனைந்த சின்னப் பையனைப் பார்த்து 'லுக் அட் தி வீ லேட், ட்ரூக்கிட்' என்று ஸ்காட்லாந்துப் பாட்டி பேசுவாள். ஓசையில் உயிர் இருக்கிறது. இளக்காரமும் நெருக்கமும் கலந்த தொனியும் கிடைக்கிறது. ஏச்சைச் செல்லமாகப் பயன்படுத்தும் பழக்கம் அங்கேயும் உண்டு என்பதால் லீச் சொன்ன நிபந்தனையும் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அடுத்த வரியில் கருவாடு வருகிறது, சோறு வருகிறது. வாய் ஒரு நாட்டில், அடுப்படி இன்னொரு நாட்டில் என்று ஆகிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கதையில் பேரனும் அதே வழக்கில்தான் பேசுகிறான், தெருவே அதே வழக்கில்தான் பேசுகிறது. ஆச்சியின் பேச்சு அங்கே யாருக்கும் விநோதம் இல்லை. அவளுக்கு மட்டும் கொச்சை ஆங்கிலம் கொடுத்தால் மூலத்தில் இல்லாத ஒரு தாழ்வு அவள்மேல் ஏறுகிறது. எழுத்துக்கூட்டலை வேண்டுமென்றே சிதைத்து ஆளைப் படிப்பறிவில்லாதவராகக் காட்டும் பழக்கமும், இலக்கணம் உடைந்த 'இந்திய ஆங்கிலம்' பேச வைப்பதும் இதே குழியில் விழுபவை. ஆச்சி தன் மொழியை உடைத்துப் பேசவில்லை. அதில் அவள் வல்லவள்.

எனக்கு ஒத்துவரும் வழி நான்காவது. அழைக்கும் சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டு, மற்றதை எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, ஆனால் பேச்சாகவே இருக்கும் எளிய ஆங்கிலத்தில் தருவது. இப்படி வரும்:

'ஏலே, மூதி! லாம்ப்ஸ் லிட் ஏஜஸ் அகோ, வேர் டிட் யூ கெட் டு? லுக் அட் ஹிம், ஸ்டாண்டிங் தேர் லைக் எ ஹாஃப்-ட்ரவுண்ட் சிக். ட்ரை தட் ஹெட், யூ'ல் கேட்ச் யுவர் டெத். ரைஸ் இஸ் ஸ்டோன் கோல்ட். டோன்ட் ஈட், வாட்ஸ் இட் டு மீ? தி டாக் கேன் ஹேவ் இட். ஹியர். ஐ கெப்ட் எ பிட் ஆஃப் ட்ரை ஃபிஷ். ஈட் இட் பிஃபோர் யுவர் அங்கிள் சீஸ்.'

'ஏலே', 'மூதி' இரண்டையும் சாய்வெழுத்தில் போடவில்லை, பொருளும் சொல்லவில்லை. கூப்பிடும் இடத்தில் வருவதால் அது விளிச்சொல் என்பதும், ஏதோ ஏசுகிறாள் என்பதும் புரிந்துவிடும். அதற்குமேல் அங்கே தேவையில்லை. பேரன் அடுத்த வரியில் 'நோ, ஆச்சி' என்று பதில் சொல்லும்போது உறவும் தெளிவாகிவிடும். அந்த 'ஆச்சி'யை 'கிராண்ட்மா' ஆக்கினால் நெல்லை போய்விடும்.

கருவியாக நான் அதிகம் நம்புவது 'லுக் அட் ஹிம்' என்ற இடத்தை. மூலத்தில் ஆச்சி 'நிக்கான் பாரு' என்று படர்க்கைக்குத் தாவுகிறாள். அங்கே மூன்றாவது ஆள் யாரும் இல்லை. இல்லாத சாட்சியிடம் முறையிடும் இந்தத் தாவல்தான் கோபம் நாடகம் என்று காட்டிக்கொடுக்கிறது. நல்லவேளையாக ஆங்கிலத் தாய்மாரும் இப்படித் தாவுவார்கள். இதை 'லுக் அட் யூ' என்று நேர்படுத்தினால் அவள் நிஜமாகவே கோபப்படுபவள் ஆகிவிடுவாள்.

'சவத்துப்பய' இருந்த இடத்தில் 'யூ'ல் கேட்ச் யுவர் டெத்' வந்திருப்பது இந்த வடிவத்தில் மிகத் துணிச்சலான மாற்றம். ஈரத்தோடு நிற்கும் பிள்ளையிடம் ஆங்கிலப் பாட்டிகள் காலங்காலமாகச் சொல்வது அது. சாவு அந்த வாக்கியத்திலும் இருக்கிறது, யாரும் அதை நேராக எடுத்துக்கொள்வதில்லை என்பதும் ஒத்துவருகிறது. நட்டமும் உண்டு. ஏச்சு கவலையாக மாறுகிறது, பாசம் ஒரு வரி முன்னதாகவே கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. அதனால்தான் தொடக்கத்து 'மூதி'யைத் தொடாமல் விட்டேன். இரண்டு ஏச்சில் ஒன்றாவது முள்ளோடு இருக்க வேண்டும். 'யூ'ல் பி தி டெத் ஆஃப் மீ' என்பதும் கைக்கு எட்டியது. அதில் பாட்டி தன்னைத்தானே பரிதாபத்துக்கு உரியவளாக்கிக்கொள்கிறாள். இந்த ஆச்சி அப்படிப்பட்டவள் இல்லை என்பதால் ஒதுக்கிவிட்டேன்.

வாக்கியங்களுக்கு நடுவே எந்த இணைப்புச் சொல்லும் இல்லை என்பதையும் பார்க்கலாம். 'நாய்க்குப் போடுவேன்' என்பதற்கும் 'இந்தா' என்பதற்கும் நடுவே ஒரு 'பட்' போடக் கை துறுதுறுக்கும். போட்டால், தான் முரண்படுவது ஆச்சிக்கே தெரிகிறது என்று ஆகும். அவளுக்கு அது முரணே இல்லை. 'ஹியர்' என்ற ஒற்றைச் சொல்லும் அதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளியும் போதும்.

வடிவம் சரியா என்று அறிய, தமிழ் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து இரண்டு கேள்வி கேட்பது வழக்கம்: அவள் கோபமாக இருக்கிறாளா, எந்த வரியில் அது உங்களுக்குத் தெரிந்தது? 'முதலில் ஆமாம் என்று நினைத்தேன், மீன் வந்ததும் இல்லை என்று தெரிந்தது' என்ற பதில் வந்தால் ஆச்சி பிழைத்தாள். முதல் வரியிலேயே 'எவ்வளவு அன்பான பாட்டி' என்றால் எங்கோ மென்மை கூடிவிட்டது. கடைசிவரை கொடுமைக்காரி என்றால் ஏச்சு தடித்துவிட்டது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 'சாப்பிடு' என்னாமல் 'தின்னு' என்று சொல்வதிலுள்ள உரிமை ஆங்கில 'ஈட்'டில் நிற்காது. அதைவிடப் பெரிய எல்லை, அதே கதையில் தஞ்சாவூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டுப் பாட்டி ஒருத்தியும் பேசினால் தெரியும். இருவருக்கும் ஊரில்லாத ஆங்கிலம் கொடுத்தால் இருவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அப்போது வாக்கிய நீளத்தில்தான் பிரிக்க வேண்டியிருக்கும்: நெல்லை ஆச்சிக்கு வெட்டு வெட்டாக, தஞ்சாவூர்ப் பாட்டிக்கு நீட்டி முழக்கி, 'ஏலே' இருக்கும் இடத்தில் அவளுக்கு 'ஏண்டா'.