அடுத்த பார்சலைத் தவிர்ப்பதா, சந்தாவையே நிறுத்துவதா?

அமெரிக்காவில் அமேசானின் ‘Subscribe & Save’ திட்டத்தில் மாதந்தோறும் காப்பித்தூள் வாங்கும் ஒருவரின் அலமாரியில் இரண்டு பாக்கெட் பிரிக்கப்படாமல் இருந்தால், அடுத்த பார்சலை மட்டும் தவிர்ப்பதே போதும்; சந்தா தொடரும், அடுத்த முறை தூள் தானாக வரும். ஆனால் ஒரே நாளில் ஒரே முகவரிக்கு 5 பொருள்கள் சேர்ந்து வந்தால்தான் 15 சதவீதம் வரை தள்ளுபடி என்பதால், ஒன்றைத் தவிர்த்ததும் எண்ணிக்கை 4 ஆகி, மற்ற நான்கின் விலையும் அம்மாதம் கூடக்கூடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

பொருளே இனி வேண்டாம் என்றால் சந்தாவை நிறுத்துவதுதான் சரி. தவிர்த்துக்கொண்டே போனால் ஒரு மாதம் மறந்தாலும் பார்சல் வந்துவிடும். இங்கே ஏமாற்றம் தருவது ஒன்று உண்டு: நினைவூட்டல் மின்னஞ்சலில் குறித்த கடைசி நாள் கடந்து ஆர்டர் பதிவாகிவிட்டால், சந்தாவை நிறுத்தினாலும் அந்தப் பார்சல் நிற்காது. ‘Your Orders’ பக்கத்தில் அந்த ஆர்டர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால், அனுப்பப்படுவதற்கு முன் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். விலையும் ஆர்டர் பதிவாகும் நாளின் விலையே என்பதால், அந்த மின்னஞ்சலில் தொகையையும் பார்த்துவிடுவது நல்லது.