பச்சை ஜேட்: ஜேடைட்டா, நெஃப்ரைட்டா, சாயமா, பிசினா?

ஜேட் என்ற ஒரே பெயரில் விற்கப்படுவது ஒரு கல் அல்ல, இரண்டு. 1863-இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிஸ் டமூர் பகுத்துப் பார்த்துச் சொல்லும்வரை ஐரோப்பியர்கள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தார்கள். ஜேடைட் சோடியமும் அலுமினியமும் கொண்ட சிலிகேட். நெஃப்ரைட் கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் கொண்டது. வாங்குகிறவருக்கு வேதியியலைவிட முக்கியமானது உள்ளமைப்பு. ஜேடைட் மணி மணியாகக் கோத்துக்கொண்ட கல், சர்க்கரைக் கட்டி மாதிரி. நெஃப்ரைட் மெல்லிய இழைகள் கம்பளிபோல் பின்னிக் கிடக்கும் கல். பின்னால் சொல்லப்போகும் ஏமாற்று வேலைகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகின்றன.

கடினத்தில் ஜேடைட் கொஞ்சம் முந்தும்: மோஸ் அளவில் அது 6.5 முதல் 7, நெஃப்ரைட் 6 முதல் 6.5. ஆனால் கீழே விழுந்தால் உடையாமல் தாங்குவதில் நெஃப்ரைட்தான் முன்னால் நிற்கும், அந்த இழைப் பின்னலின் புண்ணியத்தில். நிறத்தில் கதை வேறு. ஜேடைட்டின் பளீர்ப் பச்சைக்குக் காரணம் குரோமியம். நெஃப்ரைட்டின் பச்சை பெரும்பாலும் இரும்பால் வருவதால் கீரையை வேகவைத்தது போல அடர்ந்து, சற்றுக் கறுத்தோ சாம்பல் கலந்தோ இருக்கும். பளபளப்பும் அப்படித்தான்: ஜேடைட் கண்ணாடிபோல் மின்னும், நெஃப்ரைட் எண்ணெய் தடவினாற்போல் மெழுகு மினுமினுப்போடு இருக்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்து ஊகிக்கலாம். ஊகம் தப்பவும் செய்யும். அதனால் நான் முதலில் நம்புவது தராசைத்தான்.

வளையல் கையில் இருந்தால் போதும், 0.1 கிராம் காட்டும் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல். முதலில் வளையலை அப்படியே எடை போடுங்கள். அப்புறம், முழு வளையலும் மூழ்கும் அளவு தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, நூலில் கட்டிய வளையலை அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது வளையல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண், வந்துவிடும். 51.0 கிராம் வளையல் ஒன்று 17.3 காட்டினால் 2.95. அது நெஃப்ரைட்டின் எண். 48.6 கிராம் வளையல் 14.6 காட்டினால் 3.33, அது ஜேடைட்டின் எண். பச்சைக் கல் என்ற பெயரில் நடமாடும் சாயமிட்ட குவார்ட்சைட் 2.65-ஐ ஒட்டி நிற்கும், பாம்புக்கல் எனப்படும் செர்பென்டைன் அதற்கும் கீழே. அவை இங்கேயே கழன்றுகொள்ளும். மேற்பரப்பில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு குறைவாக வரும், விரலால் துடைத்துவிட்டுப் படியுங்கள். 3 கிராம் மோதிரக் கல்லுக்கு இந்தத் தராசு உதவாது: 0.9 கிராமில் 0.1 பிசகினால் விடை 3.0-க்கும் 3.75-க்கும் இடையில் எங்கேயாவது போய் நிற்கும். சின்னக் கல்லுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

சரி, எடை ஜேடைட் என்று சொல்லிவிட்டது. நிம்மதியடைய வேண்டாம், சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெட்டியெடுத்த ஜேடைட்டில் மணிகளுக்கு நடுவே இரும்புக் கறை படிந்து பழுப்படிக்கும். அமிலத்தில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஊறவைத்தால் கறை கரைந்து பச்சை பளிச்சென்று தெரியும். ஆனால் மணிகளை இணைத்த இடைவெளிகளும் அரிக்கப்பட்டுக் கல் பொலபொலவென்று ஆகிவிடும். அந்த ஓட்டைகளில் எபாக்சி போன்ற பிசினை வெற்றிடத்தில் உறிஞ்சவைத்து மெருகேற்றினால் மறுபடி கல் கெட்டியாகி, ஒளியும் ஊடுருவும். வணிகத்தில் இதற்குப் 'பி' வகை என்று பெயர். தொடாத கல், அதாவது மேலே மெழுகு மட்டும் பூசிய கல், 'ஏ' வகை. சாயம் ஏற்றியது 'சி', இரண்டும் செய்தது 'பி பிளஸ் சி'. 'பி'-யில் பச்சை உண்மையானதுதான், வலுதான் போய்விட்டது. காலப்போக்கில் பிசின் மஞ்சளாகும். கல்லை உடைக்க விழுகிற ஒரு அடி போதும். நெஃப்ரைட்டில் இந்த வேலை அபூர்வம், அந்த இறுக்கமான பின்னலில் பிசின் நுழைய இடமே குறைவு. வளையலாகத் தினமும் போட நினைப்பவருக்கு நான் நெஃப்ரைட்டைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சாயமிட்ட நெஃப்ரைட் உண்டு, எண் 2.95 காட்டி, நிறம் மட்டும் ஜேடைட்டுக்குப் போட்டியாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். குரோமியம் கலந்த நெஃப்ரைட்டும் சில இடங்களில் கிடைக்கிறது, அதனால் சந்தேகம் போதும், தீர்ப்பு வேண்டாம்.

46.2 கிராம் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் 14.1; வகுத்தால் 3.28. தராசின் பிசகைச் சேர்த்தால் 3.25 முதல் 3.30 வரை. ஜேடைட்டின் வரம்புக்குள்தான், ஆனால் கீழ்ப்பக்கம். பிசின் கல்லைவிட லேசானது என்பதால் இந்த எண்ணே ஒரு குறிப்பு. அடுத்து லூப், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ். முதலில் வெளிச்சம் மேலே பட்டுத் திரும்பும்படி சாய்த்து மேற்பரப்பைப் பாருங்கள். 'ஏ' வகையில் மணிகளின் எல்லைகள் மங்கலாகவே தெரியும், ஆங்காங்கே சின்னப் பளபளப்புத் துணுக்குகள் மின்னும். பிசின் ஏறியதில் சிலந்தி வலைபோல் நுண்பள்ளங்கள் இணைந்து ஓடும். அப்புறம் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இயற்கைப் பச்சை மணிகளுக்குள்ளேயே இருக்கும். நரம்பாக ஓடினாலும் ஓரம் மெல்லக் கரையும். சாயமோ மணிகளின் எல்லைகளிலும் விரிசல்களிலும் தேங்கி, பச்சை நூல் வலைபோல் தெரியும்.

புற ஊதா விளக்கில் நீலம் கலந்த வெண்மையாக வளையல் முழுக்க ஒளிர்ந்தால் பிசினுக்கான வலுவான அடையாளம். ஒளிராவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை, ஒளிராத பிசின்களும் உண்டு. மெழுகும் லேசாக ஒளிரும். வளையலை நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் 'ஏ' மணியோசை தரும், 'பி' மொத்தையாகச் சத்தமிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் விரிசல் விழுந்த 'ஏ' வளையலும் மொத்தையாகத்தான் ஒலிக்கும். சூடான ஊசியைக் குத்திப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்: வடு நிற்கும், மெழுகும் உருகிக் குழப்பும்.

சாயத்துக்கு இன்னொரு சாட்சி கையடக்க நிறமாலைக் கருவி. குரோமியப் பச்சை சிவப்புப் பகுதியில் 630, 655, 690 நானோமீட்டரில் படிபோல மூன்று கோடுகள் காட்டும். சாயம் 650-ஐச் சுற்றி ஒரே அகலப் பட்டையாகப் பூசினாற்போல் தெரியும். வெளிர் பச்சையில் கோடுகள் தெரியாமலும் போகும்.

பிசினைத் திட்டவட்டமாகச் சொல்வது ஆய்வகத்தின் அகச்சிவப்பு நிறமாலை. பிசின் 2800 முதல் 3000 அலையெண்ணுக்கு நடுவே கூர்முனைகளைக் காட்டும். மெழுகும் அங்கேயே காட்டும் என்பதால், எபாக்சிக்கே உரிய 3050-ஐ ஒட்டிய முனைகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சான்றிதழ் கையில் வந்ததும் 'இயற்கை ஜேடைட்' என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். அது கனிமத்தின் பெயரை மட்டும் சொல்வதாக இருக்கலாம். பிசின், சாயம் பற்றிய வரி தனியாக இருக்கிறதா, அகச்சிவப்புச் சோதனை செய்ததாக அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியே இல்லாவிட்டால் 46.2 கிராம் வளையல் பற்றி நமக்குத் தெரிந்தது தராசும் லூப்பும் சொன்னது மட்டுமே.