பொய் வழக்கில் வென்றவருக்கு என்ன கிடைக்கும்? பிரிவு 35, பிரிவு 35ஏ, குற்றப் புகார்: ஓர் ஒப்பீடு

ஒருவர்மீது 10 லட்சம் ரூபாய் கேட்டு, போலிக் கையெழுத்திட்ட புரோ நோட்டின் பேரில் உரிமையியல் வழக்குத் தொடரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரதிவாதி கையெழுத்தை மறுக்கிறார். நோட்டு கையெழுத்து நிபுணரிடம் அனுப்பப்படுகிறது. சில ஆண்டுகளுக்குப் பின் வழக்கு 'செலவுத் தொகையுடன்' தள்ளுபடியாகிறது. அதற்குள் வழக்கறிஞருக்கு 1,20,000 ரூபாயும் நிபுணருக்கு 15,000 ரூபாயும் கொடுத்துவிட்ட பிரதிவாதி, அதில் எவ்வளவு திரும்ப வரும் என்று கேட்பது இயல்பு. அவருக்கு மூன்று வழிகள் உண்டு. அவை மூன்றும் தருவது வெவ்வேறு.

முதலாவது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35. தோற்றவர் செலவு தர வேண்டும் என்பதே இதில் பொது வழக்கம். அதிலிருந்து விலகும் நீதிபதி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இங்கே பொய் வழக்கு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வென்றாலே போதும். ஆனால் 'செலவு' என்பது கைவிட்டுப் போன பணம் அன்று, விதிகள் ஏற்கும் பணம் மட்டுமே. வழக்கறிஞர் கட்டணம் வழக்கு மதிப்பை ஒட்டிய கட்டண விதிகளின்படியே தீர்ப்பாணையில் ஏறும். கட்டணச் சான்றிதழ் தாக்கல் செய்யப்படாவிட்டால் அதுவும் விடுபட்டுப்போகும். நீதிமன்ற உத்தரவின்படி செலுத்திய நிபுணர் கட்டணத்தைச் செலவுப் பட்டியலில் காட்டலாம். வாய்தாவுக்கு வந்துபோன நாட்களின் கூலி இழப்புக்கு அதில் இடமில்லை. உண்மையில் ஆன செலவையே கொடுக்கச் சொன்னால் என்ன என்ற கேள்விக்கு, 2011-இல் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: டில்லி உயர் நீதிமன்றம் விதித்த 45,28,000 ரூபாய் செலவுத் தொகையை, விதிகள் அனுமதிக்கவில்லை என்று அது ரத்து செய்தது.

இரண்டாவது, பிரிவு 35ஏ. கோரிக்கையோ எதிர்வாதமோ பொய் அல்லது தொல்லை தருவது என்பதும், அதை முன்வைத்தவருக்கு அது தெரியும் என்பதும் தெளிவானால், செலவுக்கு மேல் இழப்பீடு விதிக்க இது இடம் தருகிறது. பெயரைக் கேட்டால் பலமான ஆயுதமாகத் தோன்றும். உச்சவரம்போ 3,000 ரூபாய். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்த தொகை அது. குறைந்தது ஒரு லட்சமாக உயர்த்த வேண்டும் என்று மேற்சொன்ன தீர்ப்பே பரிந்துரைத்தும், சாதாரண வழக்குகளில் அந்த வரம்பு அப்படியே நிற்கிறது. மேல்முறையீட்டில் இப்பிரிவைப் பயன்படுத்தவும் முடியாது.

அப்படியென்றால் 35ஏ-வை விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. 'நோட்டு நிரூபிக்கப்படவில்லை' என்ற தீர்ப்புக்கும், 'நோட்டு போலியானது, அது வாதிக்குத் தெரியும்' என்ற தீர்ப்புக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. நிபுணர் கருத்து ஒன்றை மட்டும் நம்பி இரண்டாவது வாக்கியத்தை எழுத நீதிபதிகள் தயங்குவார்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நாளில் வாதியிடம் அவ்வளவு பணம் இருந்ததா, சாட்சிக் கையெழுத்திட்டவர் குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார் என்பவையும் சேர வேண்டும். எதிருரையிலேயே 'வாதி பொய்யென்று அறிந்தே தொடர்ந்த வழக்கு' என்று எழுதி 35ஏ-வின்கீழ் இழப்பீடு கோரினால், நீதிமன்றம் அந்தக் கேள்விக்குக் காரணத்தோடு விடை தர வேண்டியிருக்கும். அந்த விடை, 3,000 ரூபாயைவிட மதிப்புள்ளது. பின்னர் தனியே நட்ட ஈட்டு வழக்குப் போட்டாலும், இங்கே பெற்ற தொகை கணக்கில் கழியுமே தவிர அந்த வழக்குக்குத் தடையாகாது.

மூன்றாவது, குற்ற நடவடிக்கை. நீதிமன்றத்தில் நேர்மையின்றிப் பொய்க் கோரிக்கை வைப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 246-ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. இதற்கான புகாரை நீதிமன்றமே கொடுக்க வேண்டும்; பிரதிவாதி மனு போட்டு அதைக் கேட்கலாம், அவ்வளவுதான். நீதியின் நலனுக்கு உகந்தது என்று நீதிபதி கருதாவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். போலி ஆவணம் தயாரித்த குற்றம் மட்டும் வேறு. ஆவணம் நீதிமன்றத்துக்கு வருமுன்பே போலியாக்கப்பட்டிருந்தால் அதற்கு நீதிமன்றப் புகார் தேவையில்லை என்று 2005-இல் இக்பால் சிங் மர்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதால், பிரதிவாதி நேரடியாகக் காவல் துறையை அணுகலாம். எப்படியானாலும் இந்த வழியைச் செலவுத் தொகைக்கு மாற்றாக எண்ணக் கூடாது. தண்டனை உறுதியானாலும் அபராதம் இயல்பாக அரசுக்கே போகும்.

இதே வழக்கு வணிக நீதிமன்றத்தில் நடந்திருந்தால் கணக்கே வேறு. 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், அங்கே 35ஏ-வின் 3,000 ரூபாய் வரம்பை நீக்கியதோடு, பிரிவு 35-ஐயும் மாற்றி எழுதியது. நியாயமான சமரச யோசனையைக் காரணமின்றி மறுத்தாரா என்பது உட்பட, தரப்பினரின் நடத்தையைப் பார்த்துச் செலவை விதிக்கலாம். வென்ற வாதிகூட, கூடவே வீணான நட்ட ஈடு கேட்டிருந்தால் செலவு கட்ட நேரிடலாம் என்று அச்சட்டமே எடுத்துக்காட்டுச் சொல்கிறது. தெரிந்தவர்களுக்கு இடையிலான கைமாற்றுக் கடன் அந்த நீதிமன்றத்துக்குப் போகாது. வாதி நிதித் தொழில் செய்பவராக இருந்து, வணிகக் கடனாக 3 லட்சத்துக்குக் குறையாமல் கேட்டிருந்தால் போகக்கூடும் என்பதால், எதிருரை எழுதும்போதே வாதி யார், கடன் எதற்கு என்று சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.